நூற்றுக்கு எத்தனை? தோல் பதனிடுசாலையின் செலவைக் கணக்கிற் காணும் முறை

சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்தது ஆலங்காயம். அங்கிருந்து வாணியம்பாடிக்குச் செல்லும் சாலை நம்மைப் பாலாற்றங்கரையிற் கொண்டு சேர்க்கும். அக்கரையிலும் அதனை அடுத்தும் உள்ள வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் வாழ்வு தோல் தொழிலோடு பின்னிக் கிடப்பது யாவரும் அறிந்ததே. இவ்வூர்களில் ஒரு பதனிடுசாலையின் உரிமையாளரை அணுகி, "ஆதாயம் ஏன் குறைந்தது?" என்று வினவினால் மூவகை விடைகளுள் ஒன்று வருதல் இயல்பு. பச்சைத்தோலின் விலை ஏறிவிட்டது என்பர் சிலர். கூலி ஏறிவிட்டது என்பர் சிலர். கழிவுநீரைத் தூய்மை செய்யும் செலவே எம்மை விழுங்குகிறது என்பர் வேறு சிலர். மூவரும் மெய்யே கூறலாம். மூவரும் தவறாகவும் எண்ணியிருக்கலாம். எது மெய் என்பதை அவர்தம் ஆண்டுக் கணக்கே காட்டவல்லது. அக்கணக்கைப் படிக்கும் இரு முறைகளையும், அவற்றுள் ஒன்றை மாத்திரம் நம்பினால் நேரும் பிழையையும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ஒரு தொழிலின் மொத்தச் செலவு இன்னின்ன பகுதிகளாக இன்னின்ன அளவிற் பிரிந்து நிற்கும் நிலையைச் செலவமைப்பு என்கின்றோம். தோல் தொழிலின் செலவமைப்பு பன்முறை மாறியுள்ளது. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே பதனிடும் பொருள்களாக இருந்தன. தோலின் விலையும் பட்டையின் விலையும் ஆட்கூலியும் போக வேறு செலவு மிகுதியாக இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் குரோமியம் கொண்டு பதனிடும் முறை சென்னை மாகாணத்திற்கு வந்தது. பின்னர் 1970-களில் இந்திய அரசாங்கம் அரைகுறையாகப் பதனிட்ட தோலை அயல்நாட்டுக்கு அனுப்புதற்கு வரையறை விதித்து, முழுதும் முடித்த தோலையும் அதனாற் செய்த பொருளையும் ஏற்றுமதி செய்ய ஊக்கியது. தோலை முடித்தற்குச் சாயமும் எண்ணெயும் பொறியும் மின்சாரமும் வேண்டும். ஆகவே முன்பு சிறியனவாய் இருந்த செலவுகள் பெரியனவாயின.

இவற்றினும் பெரியதொரு மாறுதலைக் கொணர்ந்தது நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று. பதனிடுசாலைகளின் கழிவு நீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுப்பதை எடுத்துக்காட்டி, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தினோரே அதனைப் போக்கும் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை அது நிலைநிறுத்தியது; பதனிடுசாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது; பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைதலோ, தனி நிலையம் அமைத்தலோ இன்றி எச்சாலையும் இயங்கலாகாது என்றது. அன்று தொட்டுக் 'கழிவுநீர்ச் சுத்திகரிப்பு' என்பது இத்தொழிலின் கணக்கில் நீங்காத தலைப்பாயிற்று. நீரை ஆற்றில் விடாது முழுதும் மீட்க வேண்டும் என்ற பிற்கால விதி, உப்பு நீரைக் காய்ச்சி வற்றச் செய்யும் செலவையும் அதனோடு சேர்த்தது.

இவ்வாறு செலவமைப்பு மாறும்பொழுது அதனைக் கண்டறியும் கருவிகள் இரண்டு. முதலாவது பொது அளவு அறிக்கை. ஓர் ஆண்டின் விற்பனை முழுவதையும் நூறு என்று கொண்டு, ஒவ்வொரு செலவும் அந்நூற்றில் எத்தனை என்று எழுதுவது அது. பத்துக் கோடி விற்கும் சாலையையும் நூறு கோடி விற்கும் சாலையையும் ஒரே அளவுகோலால் அளக்க அது இடந்தரும். இரண்டாவது போக்குப் பகுப்பாய்வு. ஓர் ஆண்டை அடிப்படை ஆண்டாக வைத்து, அவ்வாண்டில் ஒவ்வொரு தலைப்பின் தொகையையும் நூறு என்று கொண்டு, பின்வரும் ஆண்டுகளில் அதே தலைப்பு எவ்வளவாயிற்று என்று கணிப்பது அது. முதற்கருவி ஓர் ஆண்டினுள்ளே பகுதிகள் ஒன்றோடொன்று எவ்வாறு நிற்கின்றன என்று காட்டும். இரண்டாவது கருவி ஒவ்வொரு பகுதியும் காலத்தில் எவ்வாறு நடந்து வந்தது என்று காட்டும்.

இவற்றை உதாரணத்தால் விளக்குவாம். ஆட்டுத்தோலை வாங்கி, முடித்த தோலாக்கி, ஆம்பூரிலுள்ள காலணித் தொழிற்சாலைகளுக்கு விற்கும் சாலை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். கீழே வரும் எண்கள் விளக்கத்தின் பொருட்டு யாமே அமைத்துக்கொண்டவை. எந்த நிறுவனத்தின் கணக்கும் அன்று. அச்சாலை ஆண்டுதோறும் 20 லட்சம் சதுர அடித் தோலை முடிக்கின்றது. மூன்றாண்டுகளிலும் அவ்வளவு மாறவில்லை. தொகைகள் யாவும் லட்சம் ரூபாயில் உள்ளன.

| தலைப்பு | முதலாம் ஆண்டு | இரண்டாம் ஆண்டு | மூன்றாம் ஆண்டு |
|---|---|---|---|
| விற்பனை | 1,000 | 1,250 | 1,000 |
| பச்சைத்தோல் | 560 | 785 | 560 |
| இரசாயனப் பொருள் | 140 | 150 | 150 |
| கூலியும் சம்பளமும் | 100 | 110 | 120 |
| மின்சாரம், எரிபொருள் | 40 | 45 | 50 |
| கழிவுநீர்ச் சுத்திகரிப்பு | 30 | 35 | 45 |
| வட்டி | 30 | 40 | 35 |
| தேய்மானம் | 20 | 20 | 20 |
| பிற செலவு | 30 | 30 | 30 |
| ஆதாயம் | 50 | 35 | 10 நட்டம் |

முதலில் இரண்டாம் ஆண்டின் முடிவில் நின்று பார்ப்போம். மூன்றாம் ஆண்டு இன்னும் பிறக்கவில்லை என்று கொள்க. பொது அளவு அறிக்கை கூறுவது யாது? பச்சைத்தோல் நூற்றுக்கு 56-இலிருந்து 62.8 ஆயிற்று. இரசாயனம் 14-இலிருந்து 12 ஆகக் குறைந்தது. கூலி 10-இலிருந்து 8.8 ஆகக் குறைந்தது. மின்சாரமும் எரிபொருளும் 4-இலிருந்து 3.6 ஆயின. கழிவுநீர்ச் செலவும் 3-இலிருந்து 2.8 ஆகத் தாழ்ந்தது. ஆதாயம் 5-இலிருந்து 2.8 ஆயிற்று. இதனைப் படிப்பவர், "தோல் விலையே பகை, ஏனைய செலவுகளை நாம் நன்கு அடக்கிவிட்டோம், தோல் விலை இறங்கியவுடன் பழைய ஆதாயம் தானே திரும்பும்" என்று முடிவு கட்டுவர். முடிவு எளியது, இனியதும்கூட. ஆயின் அது பிழை.

பிழை எவ்வாறு நேர்ந்தது? நூறு என்பது எதனால் ஆயது என்று நோக்குவோம். அது விற்பனைத் தொகை. தோல் விலை ஏறியபொழுது, முடித்த தோலின் விலையும் அதனோடு சேர்ந்து சதுர அடிக்கு 50 ரூபாயிலிருந்து 62.50 ரூபாய்க்கு ஏறியது. ஆகவே வகுக்கும் எண் பருத்தது. வகுக்கும் எண் பருத்தால், வகுபடும் எண் சிறிது வளர்ந்திருப்பினும் விடை சிறுத்தே தோன்றும். ஆற்றில் வெள்ளம் ஏறும்பொழுது கரைமரம் தாழ்ந்ததாகத் தோன்றுதல் போன்றது இது. மரம் தாழவில்லை, வளர்ந்தே இருக்கிறது. நீரே அதனினும் விரைவாக ஏறிவிட்டது.

இப்பொழுது இரண்டாவது கருவியை எடுப்போம். முதலாம் ஆண்டை நூறாகக் கொண்டால் இரண்டாம் ஆண்டிற் கூலி 110, மின்சாரமும் எரிபொருளும் ஏறக்குறைய 113, கழிவுநீர்ச் செலவு 117, வட்டி 133. குறைந்தது ஒன்றும் இல்லை. முடித்த தோலோ அதே 20 லட்சம் சதுர அடி. வேலை வளராமல் செலவு மட்டும் வளர்ந்தது என்பதே இதன் பொருள். பொது அளவு அறிக்கை 'குறைந்தது' என்று காட்டிய நான்கு தலைப்புகளும் உண்மையில் ஏறியவையே.

மூன்றாம் ஆண்டு பிறக்கின்றது. தோல் விலை இறங்குகின்றது. உரிமையாளர் வேண்டியவாறே பச்சைத்தோல் பழைய 560-க்கு வந்தது; விற்பனையும் பழைய 1,000-க்கு வந்தது; தோலின் பங்கு மீண்டும் நூற்றுக்கு 56. ஆயினும் ஆதாயம் திரும்பவில்லை. பத்து லட்சம் நட்டமே வந்தது. கூலி 12 ஆகவும், மின்சாரமும் எரிபொருளும் 5 ஆகவும், கழிவுநீர்ச் செலவு 4.5 ஆகவும் நிற்கின்றன. பொது அளவு அறிக்கையை மட்டும் கைக்கொண்டவர்க்கு இச்செலவுகள் இவ்வோராண்டில் திடீரெனப் பாய்ந்தன என்று தோன்றும். கூலியின் போக்கு எண் 100, 110, 120 என்று படிப்படியாக ஏறியதே உண்மை. வெள்ளம் வடிந்தபின் மரத்தின் உயரம் தெரிந்தது, அவ்வளவே.

இக்குறை தோல் தொழிலுக்குச் சிறப்பாக உரியது. மொத்த விற்பனையிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி ஒரே மூலப்பொருளுக்குச் செல்லுமிடத்தும், அம்மூலப்பொருளின் விலை சந்தையில் ஏறி இறங்குமிடத்தும், நூறு என்னும் அளவுகோலே நீண்டு சுருங்கும். நீண்டு சுருங்கும் கோலால் நிலத்தை அளக்கலாகாது. ஆகவே கணக்காய்வு செய்வோர் வேறு ஓர் அடித்தளத்தையும் நாடுவர். விற்பனையினின்று பச்சைத்தோலின் விலையைக் கழித்துவிட்டு, எஞ்சிய தொகையை நூறு என்று கொள்வது அம்முறை. பச்சைத்தோலை முடித்த தோலாக்கிய வேலைக்குச் சாலை பெற்ற ஊதியமே அவ்வெச்சம் என்று கூறலாம்.

நம் கணக்கில் அவ்வெச்சம் மூன்றாண்டுகளிலும் முறையே 440, 465, 440 ஆகின்றது. விற்பனை இருபத்தைந்து விழுக்காடு குதித்த ஆண்டில் இது ஆறு விழுக்காட்டுக்குக் குறைவாகவே அசைந்தது என்பதை நோக்குக. இக்கோல் உறுதியானது. இதனால் அளந்தாற் கூலி 22.7, 23.7, 27.3 என்று வளர்கின்றது. கழிவுநீர்ச் செலவு 6.8, 7.5, 10.2 என்று வளர்கின்றது. இரண்டாம் ஆண்டிலேயே இரண்டும் ஏறுமுகம் என்பது தெளிவாகத் தெரிகின்றது. தோல் நீங்கிய செலவு முழுவதையும் சதுர அடியால் வகுத்தாலும் இதே செய்தி கிடைக்கும்: முதலாம் ஆண்டில் 19.50 ரூபாய், இரண்டாம் ஆண்டில் 21.50, மூன்றாம் ஆண்டில் 22.50. சாலைக்குள் நடந்தது என்ன என்பதை அம்மூன்று எண்களே சொல்லிவிடுகின்றன.

இனி நான்காம் ஆண்டிற்குச் செல்வோம். நட்டத்தைக் கண்ட உரிமையாளர் தொழிலின் வகையையே ஓரளவு மாற்றுகின்றார். பாதித் தோலைத் தாமே வாங்காமல், ஏற்றுமதி வணிகர் கொண்டுவரும் தோலை அவர்க்காகப் பதனிட்டுக் கூலி மாத்திரம் பெறுகின்றார். 'ஜாப் ஒர்க்' என்று தோல் தொழிலூர்களில் வழங்குவது இதுவே. தம் தோல் 10 லட்சம் சதுர அடி விற்றது 500 லட்சம். பிறர் தோல் 10 லட்சம் சதுர அடிக்கு, இரசாயனம் தம்முடையதாக, அடிக்கு 24 ரூபாய் பெற்றது 240 லட்சம். ஆக வருவாய் 740 லட்சம். பச்சைத்தோல் 280. தோலில் முடங்கும் பணம் குறைந்தமையின் வட்டி 35-இலிருந்து 20 ஆயிற்று. ஏனைய யாவும் மூன்றாம் ஆண்டில் இருந்தவாறே. மொத்தச் செலவு 715. ஆதாயம் 25 லட்சம்.

இதனைப் பொது அளவு அறிக்கையில் இட்டால் கூலி நூற்றுக்கு 12-இலிருந்து 16.2-க்குத் தாவும், கழிவுநீர்ச் செலவு 4.5-இலிருந்து 6.1-க்குத் தாவும், பச்சைத்தோல் 56-இலிருந்து 37.8-க்கு வீழும். செய்தி அறியாத ஒருவர் இதனைக் கண்டால், "தோலை மலிவாக வாங்கினர், ஆனாற் கூலியாட்களை அளவின்றிச் சேர்த்தனர்" என்றே எழுதிவிடுவர். உண்மையிற் கூலித் தொகை ஒரு ரூபாயும் ஏறவில்லை; போக்கு எண் அதே 120. மாறியது செலவு அன்று, தொழிலின் தன்மை. கழிவுநீர்ச் செலவு ஒன்றையே எடுத்து மூன்று கோல்களாலும் அளந்தால் வேறுபாடு ஒருங்கே விளங்கும்.

| கழிவுநீர்ச் செலவு | முதலாம் ஆண்டு | இரண்டாம் ஆண்டு | மூன்றாம் ஆண்டு | நான்காம் ஆண்டு |
|---|---|---|---|---|
| விற்பனை நூற்றுக்கு | 3.0 | 2.8 | 4.5 | 6.1 |
| போக்கு எண் | 100 | 117 | 150 | 150 |
| தோல் விலை நீக்கிய வருவாய் நூற்றுக்கு | 6.8 | 7.5 | 10.2 | 9.8 |

முதல் வரி இறங்கி ஏறிப் பின்னும் ஏறுகின்றது. இரண்டாம் வரி ஏறி நின்றுவிட்டது. மூன்றாம் வரி ஏறிச் சற்றே தணிந்தது. முதல் வரிக்கும் ஏனைய இரண்டிற்கும் உள்ள பிணக்கே நம்மை எச்சரிக்கும் அடையாளம். ஒரு தலைப்பின் நூற்றுவீதம் பெரிதும் அசைந்து, அதன் போக்கு எண் அசையாது நின்றால், மாறுதல் விற்பனையில் நிகழ்ந்தது என்று கொள்க. நூற்றுவீதம் அசையாமல் நிற்கப் போக்கு எண் ஏறினால், விற்பனை அச்செலவின் ஏற்றத்தை மறைத்து நிற்கின்றது என்று கொள்க. இரண்டும் ஒரு திசையில் அசைந்தால்தான் செலவு உண்மையாகவே இடம் பெயர்ந்தது என்று துணிந்து கூறலாம்.

இத்துணையும் கணக்கிலுள்ள தலைப்புகள் ஆண்டுதோறும் ஒரே பொருளைக் குறிக்கின்றன என்ற நம்பிக்கையின்மேற் சொல்லப்பட்டது. அந்நம்பிக்கை எப்பொழுதும் செல்லாது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, ஆதாய நட்டக் கணக்கின் தலைப்புகளை வகுத்துள்ளது: மூலப்பொருள், ஊழியர் நலன்கள், வட்டி, தேய்மானம், பிற செலவுகள் என்பன அவற்றுள் முக்கியமானவை. கழிவுநீர்ச் செலவுக்கு அங்கே தனித் தலைப்பு இல்லை. அது பிற செலவுகளினுள் அடங்கும். விற்பனை வருவாயில் நூற்றுக்கு ஒன்று, அல்லது ஒரு லட்சம் ரூபாய், இவற்றுள் எது பெரிதோ அதனை மிஞ்சும் செலவையே தனித்துக் காட்டவேண்டும் என்பது பொது விதி. நம் சாலைக்கு அவ்வெல்லை முதலாம் ஆண்டில் 10 லட்சம். இரண்டாம் ஆண்டில் 12.5 லட்சம். ஆகவே 11 லட்சமாய் உள்ள ஒரு செலவு முதலாண்டிலே தனியே தோன்றி, மறு ஆண்டில் ஒரு ரூபாயும் குறையாமலே மறைந்துபோதல் கூடும்.

தலைப்பு விட்டுத் தலைப்புத் தாவும் செலவுகள் இரண்டினைச் சிறப்பாக நோக்கவேண்டும். ஒன்று கூலி. சாலை தன் ஆட்களை நிறுத்திவிட்டு ஒப்பந்தக்காரர் வழியாக ஆள் வைத்தால், அத்தொகை ஊழியர் நலன்களினின்று நீங்கிப் பிற செலவுகளிற் சேர்ந்துவிடலாம். கூலி குறைந்ததாகத் தோன்றும். சுண்ணாம்புக் குழியிலும் உருளையிலும் வேலை செய்யும் கைகள் அத்தனையே. மற்றொன்று கழிவுநீர். பொது நிலையத்திற்குக் கட்டணம் செலுத்திவந்த சாலை கடன் வாங்கித் தனி நிலையம் அமைத்தால், கட்டணம் நீங்கி, அதற்கு ஈடாக வட்டியும் தேய்மானமும் மின்சாரமும் ஏறும். 'சுத்திகரிப்பு' என்ற வரியை மட்டும் பார்ப்பவர் செலவு ஒழிந்தது என்று மகிழ்வர். அது மூன்று இடங்களிற் பிரிந்து குடிபுகுந்தது. ஒரு வரி திடீரென இறங்கிய ஆண்டில் வேறெந்த வரி திடீரென ஏறியது என்று தேடுதலே இதற்கு மருந்து. இரண்டையும் கூட்டிப் பார்க்கையிற் போக்கு எண் ஒழுங்காகச் செல்லுமாயின், பெயர் மாறிற்றே அன்றிச் செலவு மாறவில்லை.

அடிப்படை ஆண்டைத் தெரிந்தெடுத்தலும் கவனத்திற்குரியது. 2020 மார்ச்சு 25-இல் தொடங்கிய ஊரடங்கால் தொழிற்சாலைகள் பல வாரம் மூடிக்கிடந்தன. 2020-21-ஆம் ஆண்டை நூறாக வைத்துப் பின்வந்த ஆண்டுகளை அளந்தால், தோலும் இரசாயனமும் மின்சாரமும் மிகப் பெரிய எண்களாய்த் தோன்றும். வட்டியும் தேய்மானமும் அசையாதன போல் நிற்கும். சாலை மூடிக்கிடப்பினும் வட்டியும் தேய்மானமும் ஓடிக்கொண்டே இருத்தலின் அவை அவ்வாண்டிற் குறையவில்லை. ஆகவே பின்னர் ஏறவும் இடமில்லை. வேலை முறையாக நடந்த ஆண்டொன்றையோ, இரண்டு மூன்று ஆண்டுகளின் சராசரியையோ அடிப்படையாகக் கொள்வதே தக்கது.

சரக்கிருப்பால் வரும் ஏமாற்றமும் உண்டு. விலை உச்சத்தில் வாங்கிய தோல் ஆண்டு முடிவிற் கிடங்கில் எஞ்சியிருந்தால், அது மறு ஆண்டிலேதான் செலவாகக் கணக்கில் ஏறும். சந்தையில் விலை இறங்கிவிட்டது. கணக்கிலோ பச்சைத்தோலின் பங்கு இறங்காமல் நிற்கும். அப்பொழுது கொள்முதலிற் குற்றம் காண்பதற்கு முன், ஆண்டின் தொடக்கத்தில் இருந்த சரக்கின் மதிப்பைப் பார்த்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. இவ்விரு கருவிகளும் எந்தச் செலவு இடம் பெயர்ந்தது என்று காட்டும். ஏன் என்று காட்டா. கழிவுநீர்ச் செலவு 30 லட்சத்திலிருந்து 45 லட்சமாயிற்று என்று கண்டோம். நம் சாலை ஆண்டுக்கு 5 லட்சம் ஆட்டுத்தோலைப் பதனிடுகின்றது என்றும், தோல் ஒன்று 1.2 கிலோ எடையும் 4 சதுர அடிப் பரப்பும் உடையது என்றும் கொள்க. மொத்தம் 600 டன். பச்சைத்தோல் ஒரு கிலோவை முழுதும் பதனிட்டு முடிக்க ஏறக்குறைய 30 முதல் 40 லிட்டர் வரை நீர் வேண்டும் என்பது இத்தொழிலில் வழங்கும் அளவு. ஆகவே ஆண்டுக்கு 18,000 முதல் 24,000 கிலோலிட்டர் வரை கழிவு நீர் செல்லலாம். முதலாம் ஆண்டில் 20,000 கிலோலிட்டருக்கு 150 ரூபாய் வீதம் 30 லட்சம் கட்டியதாக வைத்துக்கொள்வோம்.

மூன்றாம் ஆண்டின் 45 லட்சம் இரு வழிகளில் வந்திருக்கலாம். நீர் அதே 20,000 கிலோலிட்டராய் இருக்கக் கட்டணம் 225 ரூபாய் ஆகியிருக்கலாம். அல்லது கட்டணம் அதே 150 ரூபாயாய் இருக்க நீர் 30,000 கிலோலிட்டர் ஆகியிருக்கலாம். முன்னது சுத்திகரிப்பு நிலையத்தின் செலவைச் சார்ந்தது. தனியொரு சாலையால் அதனைத் தடுத்தல் அரிது. பின்னதாயின் கிலோ ஒன்றுக்கு 50 லிட்டர் நீர் செலவாகின்றது. வழக்கமான அளவை அது கடந்துவிட்டது. கழுவும்பொழுது குழாயைத் திறந்தே விடுகின்றனரா, உருளையின் மூடி ஒழுகுகின்றதா என்று அன்றே போய்ப் பார்க்கவேண்டியது சாலையின் உள்ளேதான். கணக்கேட்டில் இரண்டும் 45 என்ற ஒரே எண்ணாய் நிற்கும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது கழிவுநீர் செல்லும் குழாயிற் பொருத்திய அளவுக் கருவியே. ஆகவே செலவு ஏறிய வரியைக் கணக்கிற் கண்டபின் ஏட்டை மூடிவிட்டு, அக்கருவியின் நாட்குறிப்பைக் கேட்டு வாங்குதல் வேண்டும்.